மிஸ்ஸிங் டிஐ: எல்லாக் கட்டத்தையும் நிரப்ப வேண்டியதில்லை

ஐபிபிஎஸ் பிஓ பிரிலிம்ஸில் கணிதப் பகுதிக்கு 35 கேள்வி, 20 நிமிடம். ஒரு கேள்விக்குச் சராசரியாக 34 வினாடிதான் கிடைக்கிறது. விடுபட்ட எண்களோடு ஒரு அட்டவணை வந்துவிட்டால், பலர் முதல் வேலையாகக் காலிக் கட்டங்களை நிரப்ப உட்கார்ந்துவிடுகிறார்கள். நேரம் கரைவது அங்கேதான். பயிற்சிக்காக நாமே அமைத்த அட்டவணை ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

| மையம் | தேர்வு எழுதியோர் | தேர்ச்சி % | தேர்ச்சி பெற்றோரில் ஆண் : பெண் |
|---|---|---|---|
| அ | 1240 | 35 | 4 : 3 |
| ஆ | — | 40 | 5 : 3 |
| இ | 1560 | — | 7 : 6 |
| ஈ | 980 | 45 | 5 : 4 |
| உ | — | 30 | — |

எண்களைத் தொடும் முன் தலைப்பு வரியைப் படியுங்கள். கடைசிப் பத்தியில் உள்ள விகிதம் தேர்ச்சி பெற்றவர்களுக்கு மட்டுமே உரியது. அதை எழுதியோர் எண்ணிக்கையின் மேல் போடுவதுதான் இந்த வகையில் அடிக்கடி நடக்கும் தவறு. அப்படித் தவறினால் பெரும்பாலும் எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். அ மையத்தில் 1240-ஐ 7 ஆல் வகுத்தால் மீதி வருகிறது. ஆட்களின் எண்ணிக்கை பின்னமாக வர முடியாது. சரியான வழியில் போனால் 1240-இல் 35% என்பது 434. அது 7 பங்கு, ஒரு பங்கு 62.

ஆ மையத்தில் எழுதியோர் எத்தனை பேர்? தேர்ச்சி பெற்ற ஆண்கள் பெண்களைவிட 80 பேர் அதிகம் என்று கேள்வியிலேயே குறிப்பு இருக்கிறது. இங்கே 80 என்பது 8 பங்கு அல்ல, 5-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசமான 2 பங்கு. ஒரு பங்கு 40, தேர்ச்சி 320. 40% என்பது 320 என்றால் மொத்தம் 800. பங்கின் மதிப்பு தெரிந்தால் அந்த வரிசை முழுவதும் திறந்துகொள்ளும்.

இ மையத்தில் தேர்ச்சி பெற்ற மொத்தம் கேட்கப்பட்டு, ஆப்ஷன்கள் 495, 507, 516, 528 என்று இருந்தால் குறிப்பே தேவையில்லை. விகிதம் 7 : 6 என்பதால் விடை 13-இன் மடங்காக இருந்தாக வேண்டும். 507 மட்டுமே 39 × 13.

அடுத்து, முதல் நான்கு மையங்களில் தேர்ச்சி பெற்றோரில் பெண்களின் பங்கு எதில் அதிகம்? 3/7, 3/8, 6/13, 4/9 என்று தசமம் போட வேண்டாம். பெண்ணை ஆணால் வகுத்தால் 3/4, 3/5, 6/7, 4/5. ஒவ்வொன்றும் 1-க்கு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள்: 1/4, 2/5, 1/7, 1/5. குறைவு மிகச் சிறியது 1/7, எனவே இ. இரண்டு பின்னங்கள் மிக நெருங்கி வந்தால் மட்டும் குறுக்குப் பெருக்கல் போதும். 7/16, 11/25 இரண்டையும் எடுத்தால் 7 × 25 = 175, 11 × 16 = 176; இரண்டாவது பெரியது. கேள்வி பெண்களின் பங்கைக் கேட்கிறதா, எண்ணிக்கையைக் கேட்கிறதா என்பதிலும் கவனம் வேண்டும். பங்கில் அ மையத்தைவிடக் கூடுதலாக உள்ள மையம், எழுதியவர்கள் குறைவு என்பதால் எண்ணிக்கையில் பின்தங்கலாம்.

தோராயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். அ மையத்தில் தோற்றவர்கள் 806, ஈ மையத்தில் 539. முதலாவது எத்தனை சதவீதம் அதிகம்? ஆப்ஷன்கள் 33, 41, 49.5, 58. அவசரத்தில் 806-ஐ 800 என்றும் 539-ஐ 550 என்றும் மாற்றிக்கொண்டால் 250/550, அதாவது சுமார் 45.5 வரும். அது 41-க்கும் 49.5-க்கும் ஏறக்குறைய நடுவில் நிற்கிறது, எதைக் குறிப்பது? சிறிய எண்ணை ஏற்றிப் பெரிய எண்ணை இறக்கியதில் வித்தியாசம் 17 சுருங்கிவிட்டது. வித்தியாசமே 267 எனும்போது அது பெரிய இழப்பு.

எனவே முதலில் கழியுங்கள், பிறகு முழுமையாக்குங்கள். 267-ஐ 270 ஆகவும் 539-ஐ 540 ஆகவும் ஏற்றினால் சரியாக 50%. வகுத்தலில் மேலும் கீழும் ஒரே திசையில் நகர்ந்தால் பிழை பெருமளவு அடிபட்டுப் போகும். இங்கே மேல் எண் சுமார் 1% கூடியது, கீழ் எண் கிட்டத்தட்ட கூடவே இல்லை. ஆகவே உண்மை விடை 50-க்குச் சற்றுக் கீழே: 49.5. பெருக்கலில் இதற்கு நேர்மாறு, ஒன்றை ஏற்றினால் மற்றதை இறக்க வேண்டும். ஆப்ஷன்கள் 49, 49.5, 50 என்று நெருக்கமாக இருந்தால் தோராயத்தை விட்டுவிட்டுத் துல்லியமாகவே போடுங்கள். தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் கால்பங்கு கழிக்கிறார்கள்.

உ மையத்தை இதுவரை தொடவே இல்லை. அதற்கான குறிப்பு அட்டவணைக்கு மேலே பொதுவாகத் தரப்பட்டிருந்தால் ஒருமுறை கண்டுபிடித்துக் கட்டத்திலேயே குறித்துக்கொள்ளலாம். குறிப்பு ஒரு கேள்விக்குள் மட்டும் இருந்தால் அது அந்தக் கேள்வியோடு முடிகிறது. அதில் கிடைத்த எண்ணை அடுத்த கேள்விக்கு எடுத்துப்போனால், “தரவு போதாது” என்று குறிக்க வேண்டிய இடத்தில் ஓர் எண்ணைக் குறித்துவிடுவீர்கள்.