நீரூறல் பாதம்: சொல் விளக்கம்

வெள்ளத்தில் நாள்கணக்கில் நனைந்து வெளுத்துப்போன காலைக் காட்டினால், நம் ஊரில் யாரும் யோசிக்காமல் 'சேற்றுப்புண்' என்பார்கள். இணையத்தில் தேடினால் 'ட்ரெஞ்ச் ஃபுட்' என்று வரும். அதைச் சிலர் 'அகழிப் பாதம்' என்று தமிழாக்குகிறார்கள். நம் வெள்ளத்துக் காலுக்கு இந்த இரண்டு பெயருமே சரியாகப் பொருந்தவில்லை. பெயர் மாறினால் கவனிப்பும் மாறிவிடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

'ட்ரெஞ்ச்' என்பது முதல் உலகப்போரில் வீரர்கள் பதுங்கியிருந்த அகழி. 1914-15 குளிர்காலத்தில், ஐரோப்பாவின் மேற்குப் போர்முனையில், சில்லிட்ட சேற்றுத் தண்ணீரில் பூட்ஸைக் கழற்றாமல் நின்றவர்களுக்கு வந்த நோய் அது. அங்கே கெடுதல் செய்தது ஈரம் மட்டுமில்லை, குளிரும்தான். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், பாதத்துக்கு ரத்தம் போகாது, நரம்பு மரத்துப்போகும், முற்றினால் சதை அழுகும். இரண்டாம் உலகப்போரில், கப்பல் மூழ்கி உயிர்காப்புப் படகில் காலை நனைத்தபடி கிடந்த மாலுமிகளுக்கும் இதே போன்ற பாதிப்பு வந்தது. அதற்கு 'இம்மர்ஷன் ஃபுட்' என்று பெயர் வைத்தார்கள். 'இம்மர்ஷன்' என்றால் அமிழ்தல்.

அப்புறம் வியட்நாம் போர். மேக்கோங் கழிமுகத்தின் நெல்வயல்களில் இறங்கி நடந்த அமெரிக்க வீரர்களின் பாதம் குளிரே இல்லாமல் கெட்டது. அவர்கள் அதை 'பேடி ஃபுட்', அதாவது நெல்வயல் பாதம், என்றார்கள். நம் வெள்ளத்துக் காலுக்கு நெருங்கிய சொந்தம் இதுதான். இங்கே பழுதாவது முதலில் தோல்தான். உள்ளங்காலின் மேல்தோல் உடம்பிலேயே தடிமனானது. அங்கே எண்ணெய்ச் சுரப்பியும் கிடையாது. அதனால் அது தண்ணீரைக் குடித்து உப்பி, மென்மையாகி, மடிப்பு மடிப்பாகச் சுருங்கும்.

இதைச் சொல்ல நம்மிடம் ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது. துணி துவைத்து எழுந்ததும் 'கை ஊறிப்போச்சு' என்கிறோமே, அந்த ஊறல். ஆகவே 'நீரூறல் பாதம்' என்பேன். 'ஊறு' என்றால் தீங்கு என்றும் பொருள் உண்டு. 'உறு' என்ற வேறொரு வேரிலிருந்து வந்த சொல் அது, ஒலி மட்டும் ஒன்று. ஆனாலும் காதில் விழும்போது இரண்டும் சேர்ந்தே கேட்பது இந்த நோய்க்குப் பொருத்தம்தான். 'சேற்றுப்புண்' என்பதை, விரலிடுக்கு வெடித்து, பூஞ்சையோ கிருமியோ ஏறி அரிக்கும் புண்ணுக்கே வைத்துக்கொள்ளலாம். ஊறல் கவனிக்கப்படாவிட்டால் அதுவும் பின்னாலேயே வரும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில், முடிச்சூர்ப் பக்கம் என் சித்தி மூன்று நாள் முழங்கால் தண்ணீரில் நடந்தபடி சாமான்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மாலை, 'கூழாங்கல் மேல நடக்கிற மாதிரி இருக்குடா' என்றார். பார்த்தால் உள்ளங்கால் மட்டும் கஞ்சி நிறத்தில் வெளுத்து, தடித்த மடிப்புகளாக இருந்தது. மேல்பாதம் வழக்கம்போலத்தான் இருந்தது. அது நல்ல அறிகுறி. இன்னும் சில நாள் நனைந்திருந்தால் மேல்பாதமும் கணுக்காலும் சிவந்து வீங்கி, காய்ச்சல் வந்து, தொடை இடுக்கில் நெறியும் கட்டியிருக்கலாம்.

சித்திக்குச் செய்தது இவ்வளவுதான். கேன் தண்ணீரும் சோப்பும் கொண்டு கழுவினோம். பழைய வேட்டித் துணியால் தேய்க்காமல், விரலிடுக்கு உட்பட, ஒற்றி எடுத்தோம். ஊறிய தோல் தேய்த்தால் உரிந்து வந்துவிடும். காலைத் தலையணைமேல் உயர்த்தி, காற்றுப்பட விட்டோம். அவர் வெந்நீர் ஒத்தடம் கேட்டார், வேண்டாம் என்று தடுத்தோம். ஊறிய பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சுட்டாலும் தெரியாது. மஞ்சளும் எண்ணெயும் பூசவும் விடவில்லை. ஈரம் காயாத தோலின்மேல் எண்ணெய் பூசினால், ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும். தண்ணீரில் இறங்குமுன் காய்ந்த காலில் மெல்லிசாக வாஸ்லின் தடவுவது வேறு விஷயம், அது ஓரளவு காக்கும்.

மறுநாள் காலைக்குள் வெளுப்பு போய்விட்டது. நடக்கும் வலி இன்னும் இரண்டு நாள் இருந்தது, பிறகு தோல் மெல்லிய செதில்களாக உரிந்தது. அந்த நாட்களில் காலைத் திரும்ப நனைக்காமல் இருப்பதுதான் கடினம். தண்ணீருக்குள் இறங்கியே தீர வேண்டியவர்கள், இரவு முழுதாவது காலைக் காயவிட வேண்டும்.

காய்ந்த பிறகும் சிவப்பு மேலே ஏறினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தோல் கறுத்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். வெள்ளநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், பிளந்த தோல் அதற்கு வாசல். சர்க்கரை நோயாளிகள் இந்த அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. வலியே தெரியாமல் புண்ணாகும் கால் அவர்களுடையது, வெளுப்பைக் கண்ட அன்றே காட்டிவிடுவது நல்லது.