கடைசி விலை என்றால் பேச்சு முடிந்துவிட்டது

கும்பகோணம் பக்கம் சில பாத்திரக்கடைகளுக்கு நான் கணக்குப் பார்க்கிறேன். அப்பாவிடமிருந்து கடையை ஏற்ற இளைஞர்களின் பில் புத்தகத்தில் தள்ளுபடிதான் என் கண்ணில் முதலில் படும். விலை குறைந்திருக்கும், ஏன் குறைந்தது என்று கேட்டால் ‘கேட்டாங்க, குடுத்துட்டேன்’ என்பார்கள். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு தம்பியின் கதை இது. அவரே சொன்னதுதான்.

கல்யாண சீசனில் ஒரு பாட்டி நாச்சியார்கோவில் குத்துவிளக்கு கேட்டு வந்திருக்கிறார். தம்பி எடுத்து வைத்த விளக்கு 4 கிலோ 200 கிராம். கடை விலை கிலோ 950, ஆக 3,990 ரூபாய். தம்பிக்கு அடக்கம் கிலோவுக்கு 780, அதாவது 3,276. பாட்டி கேட்டது 3,000.

தம்பிக்குச் சுருக்கென்றது. அடக்கத்துக்கும் கீழே கேட்கிறாரே என்ற எரிச்சலில், ‘3,600, இதான் கடைசி’ என்று சொல்லிவிட்டார்.

பாட்டி விளக்கைக் கீழே வைத்தார். ‘நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கல தம்பி, அதுக்குள்ள கடைசிங்கறியே. சரி, 390 ரூபா எதுக்குக் குறைச்சே?’

தம்பியிடம் பதில் இல்லை.

‘காரணம் இல்லாமக் குறைச்சா, காரணம் இல்லாம ஏத்திச் சொன்னதுன்னுதானே நான் நினைப்பேன்? இன்னும் எவ்வளவு ஏத்தியிருக்கியோன்னு மேல மேல கேப்பேன். மூவாயிரம்னு சொன்னேனே, ஏன் மூவாயிரம்னு நீ கேட்டியா?’

அப்புறம்தான் தம்பி கேட்டார். விஷயம் வேறாக இருந்தது. பேத்தி கல்யாணச் சீருக்கு ஜோடி விளக்கு வேண்டும், வீட்டில் ஒதுக்கியது 6,000. அதைப் பாதியாக்கித்தான் பாட்டி 3,000 என்றார். உயரம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. பரணில் ஒரு பழைய பித்தளைத் தவலை சும்மா கிடக்கிறது.

தம்பி சின்ன அளவில் ஜோடியாக எடுத்தார். இரண்டும் சேர்த்து 6 கிலோ 300 கிராம். ஜோடியாக வாங்குவதால் கிலோ 920 என்று காரணத்தையும் சொன்னார்: 5,796 ரூபாய். மறுநாள் பேரன் தவலையைக் கொண்டுவந்தான். எதிரிலேயே இரும்பு வளையத்தைக் கழற்றிவிட்டு எடை போட்டதில் 5 கிலோ. உள்ளே கலாய், அடியில் ஈயப்பற்று, அழுக்கு என்று 300 கிராம் கழிவு. பாட்டி 200தான் என்றார். தம்பி பற்று வைத்த இடத்தைத் தடவிக் காட்டினார், பாட்டி ஒத்துக்கொண்டார். மீதி 4 கிலோ 700, கிலோ 480 வீதம் 2,256. பாட்டி கையிலிருந்து போனது 3,540 ரூபாய்.

ஒற்றை விளக்கை 3,600-க்குக் கொடுத்திருந்தால் தம்பிக்கு நின்றிருப்பது 324. இப்போது விளக்கில் மட்டும் 882. பாட்டிக்கோ ஒதுக்கிய பணத்தில் 2,460 மிச்சம். இரண்டு பேருக்கும் லாபம் எப்படி வந்தது என்று பாருங்கள். தவலை பேச்சில் வந்ததால் வந்தது. விலையை மட்டும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தால் அந்தத் தவலை பரணிலேயேதான் இருந்திருக்கும்.

கடைக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான். அடக்க விலை உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். அது தெரியாதவர்தான் பயத்தில் ‘கடைசி’ என்பார், இல்லாவிட்டால் ஒரே தாவில் நானூறு ஐந்நூறு குறைப்பார். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஒரு காரணம் சேர்ந்து வரட்டும்: ஜோடி, ரொக்கம், பழைய பித்தளை, ஓரத்தில் சின்னக் கீறல். அடக்கத்துக்குக் கீழே கேட்டால் கோபப்படாமல் அந்தத் தொகை எப்படி வந்தது என்று விசாரியுங்கள். பெரும்பாலும் அது பட்ஜெட்டாக இருக்கும், அவமதிப்பாக இருக்காது. சிலர் சும்மா ஆழம் பார்ப்பார்கள்தான், இரண்டு கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

பேரம் பேச வருவார்கள் என்று முன்கூட்டியே ஏற்றிச் சொல்வது மட்டும் வேண்டாம். பக்கத்துக் கடையில் கிலோ விலை கேட்டுவிட்டு வருபவரிடம் அது ஒரு நிமிடம்கூட நிற்காது. பெட்டியில் அதிகபட்ச சில்லறை விலை அச்சிட்டு வரும் குக்கர் போன்றவற்றில் அந்த விலைக்கு மேல் விற்கச் சட்டமே இடம் தராது. கீழே இறங்கலாம், அவ்வளவே.

தம்பி இப்போது பில்லில் தள்ளுபடிக்குப் பக்கத்திலேயே ‘ஜோடி’, ‘பழசு’ என்று ஒரு வார்த்தை எழுதுகிறார். வார்த்தை இல்லாத தள்ளுபடிகளை மாதக் கடைசியில் எடுத்துப் பார்த்தோம். முகூர்த்த நாளுக்கு முந்தைய சாயங்காலங்களில்தான் அவை அதிகம். கூட்டத்தில் பேச நேரமில்லாமல் கொடுத்தவை. அந்த நேரங்களில் எழுதி வைத்த கிலோ விலைதான் என்று வைத்துக்கொண்டு, பேச விரும்புகிறவர்களை மறுநாள் காலை பத்து மணிக்கு வரச் சொல்கிறார்.