கிரவுட் ஊற்றும் முன் யார் கையெழுத்து?

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு ஷெட் வேலை. 9 மீட்டர் உயரத் தூண், பீம் எதுவும் கட்டாமல் தனியாக நிற்கிறது. மாலை நான்கு மணிக்குத் தியோடலைட்டில் பார்த்தால் உச்சி 12 மி.மீ. கிழக்கே சாய்ந்திருந்தது. எரெக்ஷன் ஆட்கள் பேஸ் பிளேட்டுக்கு அடியில் உள்ள நட்டுகளைத் திருப்பி நேராக்கிவிட்டு, "இன்னைக்கே கிரவுட் ஊத்திடலாம் சார்" என்றார்கள். கிரவுட் என்பது பேஸ் பிளேட்டுக்கு அடியில் உள்ள இடைவெளியை நிரப்பி இறுகும் கலவை.

தூண் சாயவே இல்லை, வளைந்திருந்தது. மேற்கு வெயில் பட்ட ஃபிளேஞ்ச், எதிர்ப் பக்க ஃபிளேஞ்சை விடச் சுமார் 10 டிகிரி சூடாக இருந்தால் போதும். இரண்டுக்கும் இடையே 400 மி.மீ. என்றால், சூடான பக்கம் நீண்டு, 9 மீட்டர் உயரத்தில் உச்சியைச் சுமார் 12 மி.மீ. எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். மறுநாள் காலை ஆறரை மணிக்கு அதே தூண் 11 மி.மீ. மேற்கே சாய்ந்து நின்றது. அந்த வேலையில் அனுமதி உயரத்தில் ஆயிரத்தில் ஒன்று, அதாவது 9 மி.மீ. தான். முந்தைய மாலையே கிரவுட் ஊற்றியிருந்தால், இறுகிய கலவையை உடைத்துத்தான் தூணைத் திருத்தியிருக்க முடியும்.

தடுத்தது ஆய்வுத் திட்டத்தில் இருந்த ஒரே ஒரு வரி. 'கிரவுட்டுக்கு முன் செங்குத்துச் சோதனை' என்ற இடத்தில் ஹோல்டு பாயின்ட் போட்டிருந்தோம். எரெக்ஷன் ஒப்பந்ததாரர் அளக்க வேண்டும், முதன்மை ஒப்பந்ததாரரின் தர ஆய்வாளர் சரிபார்க்க வேண்டும், ஆலோசகரின் பொறியாளர் கையெழுத்துப் போட்டு விடுவிக்க வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் கிரவுட் மூட்டையைப் பிரிக்கக் கூடாது. வேலூர் வெயில் தெரிந்தவர்கள் இதே வரியில் நேரத்தையும் எழுதிவிடுவது நல்லது: வெயில் ஏறுமுன், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளிலிருந்து.

போல்ட் இறுக்குவதை விட்னஸ் பாயின்ட்டாக வைத்தால் போதும் என்பது என் கருத்து. அதில் ஆலோசகருக்கு முன்கூட்டியே, எங்கள் வேலையில் 24 மணி நேரம் முன்பாக, எழுத்தில் சொல்கிறோம். சொன்ன நேரத்துக்கு அவர் வராவிட்டால் வேலை தொடரும், பதிவேட்டில் அது குறிக்கப்படும். கைக்கு இறுக்கிய பின் நட்டிலும் போல்ட் முனையிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டுவிட்டு, பிறகு சொன்ன அளவு திருப்புகிறோம். அந்தக் கோடு எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை அடுத்த வாரமும் போய்ப் பார்க்கலாம். கிரவுட் மூடிய நட்டை அப்படிப் பார்க்க முடியாது. ஹோல்டா விட்னஸா என்று முடிவெடுக்க நான் கேட்கும் முதல் கேள்வியே இதுதான்: அடுத்த வேலை இதை மூடிவிடுமா?

எல்லா வரியிலும் ஹோல்டு போடும் திட்டங்களையும் பார்க்கிறேன். கிரேன் வாடகைக்கு நிற்கும்போது யாரும் அத்தனை கையெழுத்துக்கும் காத்திருக்க மாட்டார்கள். தூண் நிறுத்தி முடித்த பின் பழைய தேதி போட்டுத் தாள்கள் வரும். அப்புறம் உண்மையான ஹோல்டுக்கும் மதிப்பு போய்விடும்.

ஆங்கர் போல்ட்தான் பெரும்பாலும் நழுவும் இடம். அதைப் புதைப்பது சிவில் ஒப்பந்ததாரர், அதில் தூணை நிறுத்துவது எரெக்ஷன் ஒப்பந்ததாரர். இருவரின் திட்டத்திலும் அது இல்லாமல் போகிறது, கடைசியில் பேஸ் பிளேட் துளையைக் கேஸ் கட்டரால் அகலப்படுத்துகிறார்கள். கான்கிரீட்டுக்கு முன் டெம்ப்ளேட்டோடு ஒரு ஹோல்டு சிவில் திட்டத்திலும், தூண் தூக்குமுன் இருவரும் சேர்ந்து அளந்து கையெழுத்திடும் இன்னொரு ஹோல்டு எரெக்ஷன் திட்டத்திலும் இருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் 'ஒப்பந்ததாரர்' என்று பொதுவாக எழுதாமல், எந்த ஒப்பந்ததாரர் என்று எழுதுங்கள்.