15ஆம் டோக்கன் எங்கே போனது?

விருதுநகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அண்ணனின் கிளினிக்கில் டோக்கன் சீட்டு எழுதிக் கொடுப்பது அவர் வேலை. நோயாளிகள் உட்காரும் கூடத்தில் 32 அங்குல டிவி ஒன்றை மாட்டி, அதன் பின்னால் ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியை வைத்திருக்கிறார்கள். டாக்டரின் மேசையில் ஒரு காலிங் பெல் ஸ்விட்ச். அதை அழுத்தினால் டிவியில் எண் ஒன்று கூட வேண்டும். "பெரும்பாலும் சரியாக வருகிறது. ஆனால் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை 14க்குப் பிறகு 16 வந்துவிடுகிறது. நேற்று 15ஆம் சீட்டு வைத்திருந்த அம்மா கைக்குழந்தையோடு அரைமணி நேரம் கூடுதலாகக் காத்திருந்தார். ஸ்விட்ச் கெட்டுவிட்டதா?" என்று கேட்கிறார்.

ஸ்விட்ச் கெடவில்லை. எல்லா ஸ்விட்சும் இப்படித்தான். காலிங் பெல்லில் நமக்கு அது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

மற்றவர்களும் செய்து பார்க்கலாம் என்பதால் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ போதும். அதில் இருப்பது சிறிய வகை எச்டிஎம்ஐ துளை. அதற்குரிய கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள். கணினிக்கு 5 வோல்ட், 2.5 ஆம்பியர் தரக்கூடிய தனி அடாப்டர் வேண்டும். ஸ்விட்சின் இரண்டு கம்பிகளில் ஒன்று கணினியின் ஓரத்து முள்வரிசையில் 9ஆம் முள்ளுக்கு, அதுதான் கிரவுண்ட். இன்னொன்று 11ஆம் முள்ளுக்கு. ப்ரோக்ராமில் அதன் பெயர் `GPIO17`. ஸ்விட்ச் திறந்திருக்கும்போது கணினி தன் உள் மின்தடை வழியாக அந்த முள்ளை 3.3 வோல்ட்டில் பிடித்து வைத்திருக்கும். அழுத்தினால் அது கிரவுண்டோடு சேர்ந்து பூஜ்யமாகும். இந்த இறக்கத்தைத்தான் கணினி "அழுத்தினார்கள்" என்று எடுத்துக்கொள்கிறது.

இனி 15ஆம் டோக்கனுக்கு வருவோம். அடுக்களையில் எவர்சில்வர் டம்ளர் கைதவறி விழும் சத்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். டங்… டங்.. டங். டட்டட்ட என்று இடைவெளி குறைந்துகொண்டே போய் அடங்கும். ஒவ்வொரு முறை தரையில் மோதும்போதும் கொஞ்சம் ஆற்றல் சத்தமாகவும் வெப்பமாகவும் கழிந்துவிடுவதால், அடுத்த துள்ளல் முந்தையதைவிடச் சிறியதாக இருக்கிறது. ஸ்விட்சுக்குள்ளும் இதே கதைதான். வில்போல வளையும் ஒரு உலோகத் தகடு இன்னொரு உலோகத்தின்மேல் போய் மோதுகிறது. மோதியவுடன் ஒட்டிக்கொள்வதில்லை, துள்ளுகிறது. நாம் "ஒருமுறை" என்று நினைக்கும் அழுத்தல், உலோகத்தின் கணக்கில் தொட்டு, விலகி, தொட்டு, விலகி, கடைசியில் அடங்குவது. பெரும்பாலான ஸ்விட்சுகளில் சில மில்லிநொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

மணியடிக்கும் சுத்தியலுக்குச் சில மில்லிநொடி ஒரு பொருட்டே அல்ல. அது அசையத் தொடங்குவதற்குள் துள்ளல் அடங்கிவிடும். கணினிக்கோ அது மிக நீண்ட காலம். இந்தச் சின்னக் கணினியின் கடிகாரம் நொடிக்கு 100 கோடி முறை துடிப்பது. ஒரு மில்லிநொடியில் மட்டும் 10 லட்சம் துடிப்புகள். தகடு 0ஆவது மில்லிநொடியில் தொட்டு, 1இல் விலகி, 2இல் மறுபடி தொட்டால் கணினி இரண்டு இறக்கங்களைப் பார்க்கிறது. எண் 14, 15, 16 என்று ஓடிவிடுகிறது. 15 திரையில் நின்றது ஒரு இமைப்பில் சிறு பங்கு நேரம்தான். மனிதக் கண்ணுக்கு அது வரவே இல்லை. நாலைந்து தடவை மட்டும் நடப்பதற்கும் காரணம் உண்டு. விரலின் வேகம், தகட்டில் படிந்த தூசி, தொடும் இடம் இவற்றைப் பொறுத்துத் துள்ளல் ஒவ்வொரு முறையும் மாறும்.

இதற்கான தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் ஒரு நல்ல நீதிபதியின் பொறுமை இருக்கிறது. கணினி உடனே நம்பக்கூடாது. 5 மில்லிநொடிக்கு ஒருமுறை ஸ்விட்சைப் பார்க்கட்டும். ஒவ்வொரு பார்வையும் ஒரு சாட்சி. தான் இதுவரை நம்பியிருந்ததற்கு மாறாக ஆறு சாட்சிகள் இடைவிடாமல் ஒன்றையே சொன்னால் மட்டும் மனதை மாற்றிக்கொள்ளட்டும். நடுவில் ஒரு சாட்சி பிறழ்ந்தாலும் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து.

```python
b = Button(17)
c, down = 0, False

def tick():
    global n, c, down
    c = c + 1 if b.is_pressed != down else 0
    if c == 6:
        down, c = not down, 0
        if down:
            n += 1
            show(n)
    root.after(5, tick)
```

`Button` என்பது `gpiozero` தருவது, `root` என்பது `tkinter` திறக்கும் முழுத்திரை ஜன்னல். `show` எண்ணைப் பெரிதாக எழுதும் நாலு வரி. `n` டிவியில் இருக்கும் எண். அதற்கு ஒரு தொடக்க மதிப்பு கொடுத்துவிட்டு, `tick()` என்று ஒருமுறை அழைத்தால் ஓடத் தொடங்கும். இங்கே கவனிக்க வேண்டியது, விரலை எடுப்பதற்கும் இதே ஆறு சாட்சிகள் தேவை என்பது. தகடு விலகும்போதும் துள்ளும். பலர் இதை மறந்துவிட்டு, "பாதிதான் சரியாச்சு" என்பார்கள். மொத்தத் தாமதம் சுமார் 30 மில்லிநொடி. டாக்டர் எவ்வளவு அவசரமாக அழுத்தினாலும் விரல் அதைவிட அதிக நேரம் ஸ்விட்சின்மேல் இருக்கும்.

ஸ்விட்சை யாரும் தொடாமலே எண் கூடினால் அது வேறு நோய். டாக்டர் அறையிலிருந்து டிவி வரை ஏழெட்டு மீட்டர் கம்பி ஓடினால் அது ஆன்டெனாவாகிவிடும். டியூப் லைட்டையோ ஃபேனையோ போடும்போது எழும் மின்துடிப்பை அது வாங்கிக்கொள்ளும். கணினியின் உள் மின்தடை சுமார் 50,000 ஓம். அவ்வளவு தளர்வான பிடியில் இருக்கும் கம்பியைச் சிறு துடிப்பும் ஆட்டிவிடும். 1ஆம் முள்ளில் உள்ள 3.3 வோல்ட்டுக்கும் 11ஆம் முள்ளுக்கும் இடையில் 1,000 ஓம் மின்தடை ஒன்றை வைத்தால் பிடி இறுகும். பக்கத்திலேயே இருக்கும் 5 வோல்ட் முள்ளில் வைத்துவிடாதீர்கள், கணினி பாழாகிவிடலாம்.

கரண்ட் போய் வந்தால் எண் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடக்கூடாது என்பதால், ஒவ்வொரு முறையும் எண்ணைக் கோப்பில் எழுதிவைக்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் கோப்பு காலியாகிவிடலாம். அதனால் புது எண்ணைத் தனிக் கோப்பில் எழுதி, `os.fsync` மூலம் மெமரி கார்டுக்கு அனுப்பிவிட்டு, பிறகு `os.replace` கொண்டு பழையதன் இடத்தில் வையுங்கள். எப்போது நின்றாலும் பழைய எண்ணோ புதிய எண்ணோ முழுசாக இருக்கும். காலையில் பூஜ்யமாக்குவதைத் தேதியிடம் விடாதீர்கள். இந்தக் கணினிக்குள் பேட்டரியில் ஓடும் கடிகாரம் இல்லை. இணையம் கிடைக்காத காலையில் அது இன்னும் நேற்றிலேயே இருக்கும். ஸ்விட்சை 3 நொடி விடாமல் அழுத்தினால் 0 என்று வைத்துக்கொள்வது நல்லது.

கடிதத்தின் கடைசியில் வாசகி இன்னொன்றும் கேட்டிருந்தார்: சிலர் 8ஆம் எண் சீட்டை வாங்க மறுக்கிறார்கள், 7க்குப் பிறகு 9 வரும்படி செய்யலாமா? ஒரே வரியில் செய்யலாம். நான் எழுதித் தர மாட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஓடிவருபவரிடம், எண்ணுக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்று ஒரு கிளினிக்கின் சுவரே சொல்லக்கூடாது. எட்டாவதாக வந்தவருக்கு 8 என்று கொடுங்கள். மறுப்பவரிடம் டாக்டரே ஒரு வார்த்தை பேசட்டும்.

மாற்றம் செய்து முடித்த அன்று சாயங்காலம், கடைசி நோயாளி போனபின், 0இல் தொடங்கி ஸ்விட்சை நூறு முறை அழுத்திப் பாருங்கள். மெதுவாக இருபது, வேகமாக இருபது, ஓரத்தில் சாய்த்து இருபது, மீதி உங்கள் இஷ்டம். டிவியில் 100 நிற்க வேண்டும். பிறகு ஸ்விட்சைத் தொடாமல், டாக்டர் அறை டியூப் லைட்டை இருபது தடவை போட்டு அணையுங்கள். அப்போதும் 100தான் இருக்க வேண்டும்.