மூன்றாவது மணி நேரத்தில் அடைக்கும் நாசில்

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "தூசி விழக்கூடாது என்று 3டி பிரின்டரைச் சுற்றி அக்ரிலிக் பெட்டி அடித்தேன். முதல் இரண்டு மணி நேரம் பிஎல்ஏ அழகாக வருகிறது. அப்புறம் எக்ஸ்ட்ரூடர் டிக் டிக்கென்று சத்தம் போட்டு, நூல் வருவது நின்றுவிடுகிறது. நாசிலை மாற்றியும் சரியாகவில்லை."

நாசில் மேல் குற்றமில்லை. அடைப்பு அதற்கு மேலே நடக்கிறது.

பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் உருகி ஓட 190 முதல் 220 டிகிரி வேண்டும். ஆனால் இளகுவதற்கு 55 முதல் 60 டிகிரியே போதும். இதைத்தான் கண்ணாடி நிலைமாற்றம் என்கிறோம். அந்த வெப்பநிலைக்குக் கீழே மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கி அசையாமல் கிடக்கும். அதைத் தாண்டினால் சங்கிலியின் துண்டுகள் நெளியத் தொடங்கும். கடலை மிட்டாய் வெயிலில் கிடந்தால் பாகு உருகுவதில்லை, ஆனால் உடைத்தால் உடையாமல் வளையும் இல்லையா, அதே கதைதான்.

இந்த இளக்கம் எங்கே வந்து மாட்டிக்கொள்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. நாசிலுக்கு மேலே ஹீட் பிரேக் என்ற மெல்லிய சுவர் கொண்ட குழாய் இருக்கிறது. கீழே 200 டிகிரி, ஒரு சில சென்டிமீட்டர் மேலே கைபொறுக்கும் சூடு. இந்த வேறுபாட்டைக் காப்பாற்றுவது ஹீட்சிங்க்கும் அதன் மேல் ஊதும் சின்ன ஃபேனும். பிரின்டரில் ஃபிலமென்ட்தான் பிஸ்டன்: மேலே விறைப்பாக இருக்கும் கம்பி, கீழே உருகியதை அழுத்தி வெளியேற்றுகிறது. அந்த பிஸ்டனே இளகிவிட்டால்? பின்னாலிருந்து பல்சக்கரம் தள்ள, 1.75 மி.மீ. கம்பி முன்னே போகாமல் பக்கவாட்டில் உப்பி, குழாயின் உட்சுவரைப் பிடித்துக்கொள்ளும். சக்கரம் தள்ளத் தள்ள பிடி இறுகும். கடைசியில் பற்கள் வழுக்கி கம்பியைச் சுரண்டும், அல்லது மோட்டார் தடுமாறி ஸ்டெப்பைத் தவறவிடும். அந்த டிக் டிக் இதுதான். ரிட்ராக்‌ஷன் நீளமாக வைத்திருந்தால் இன்னும் மோசம். உருகிய பிளாஸ்டிக்கை அடிக்கடி மேலே இழுத்துப்போய் ஒட்டவைக்கும்.

உறுதிசெய்வது எளிது. நாசிலைச் சூடாக்கி ஃபிலமென்டை வெளியே இழுத்துப் பாருங்கள். நுனிக்குச் சற்று மேலே தடித்த முடிச்சும், அதற்கும் மேலே சக்கரம் கடித்த பிறை வடிவப் பள்ளமும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

சரி, பெட்டி எவ்வளவு சூடாகும்? அரை மீட்டர் கனசதுரப் பெட்டிக்கு ஆறு பக்கமும் சேர்த்து 1.5 சதுர மீட்டர். மெல்லிய அக்ரிலிக் வழியாக, உள்ளும் புறமும் ஒரு டிகிரி வேறுபட்டால் தோராயமாக 7.5 வாட் வெளியேறும். பிரின்ட் ஒட்டி நிற்கும் சூடான தட்டான பெட், நாசில், மோட்டார்கள் எல்லாம் சேர்ந்து 100 வாட் கக்குவதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் உள்ளே 13 டிகிரி கூடுதலாக ஏறும். சித்திரையில் மாடி அறை 34 டிகிரி என்றால் பெட்டிக்குள் 47. ஹீட்சிங்க் ஃபேன் ஊதுவதும் அதே 47 டிகிரிக் காற்றைத்தான். எவ்வளவு வேகமாக ஊதினாலும் அதற்குக் கீழே குளிர்விக்க முடியாது. ஹீட்சிங்க் காற்றைவிட 10, 12 டிகிரி அதிகமாக இருந்தாலே பிஎல்ஏ இளகும் எல்லைக்கு வந்துவிட்டோம். இந்தச் சூடு மெல்ல ஏறுவதால்தான் முதல் இரண்டு மணி நேரம் ஒன்றும் தெரிவதில்லை.

பெட்டி போட்டால் எந்த பிரின்டும் நன்றாக வரும் என்பது என் பார்வையில் எலுமிச்சம்பழம் கட்டுவது போன்ற நம்பிக்கைதான். ஏபிஎஸ் என்ற இன்னொரு பிளாஸ்டிக்குக்குப் பெட்டி வேண்டும். அது இளக 100 டிகிரி தாண்டவேண்டும். பிஎல்ஏவுக்கு மேல்மூடியையும் கதவையும் திறந்துவைப்பதே முதல் மருந்து.

மூடித்தான் ஆகவேண்டும் என்றால் உள்ளே 40 டிகிரிக்கு மேல் போகவிடாதீர்கள். அப்போது வேறுபாடு 6 டிகிரி. சுவர்கள் 45 வாட்டை வெளியேற்றும். மீதி 55 வாட்டைக் காற்று சுமக்கவேண்டும். 6 டிகிரி சூடேறும் ஒரு லிட்டர் காற்று சுமார் 7 ஜூல் எடுத்துப்போகும். ஆக நொடிக்கு 8 லிட்டர். 12 செ.மீ. கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று தடையில்லாத இடத்தில் 20 லிட்டருக்கு மேலேயே தள்ளும், மெதுவாகச் சுழன்றாலும் போதும். முதல் சில அடுக்குகள் ஒட்டியபின் `M140 S50` கொடுத்து பெட்டின் சூட்டை 60லிருந்து 50க்கு இறக்கினால் வேலை இன்னும் குறையும்.

ஃபேனைப் பின்பக்கம் உச்சியில், காற்றை வெளியே தள்ளும்படி பொருத்துங்கள். சூடான காற்று தேங்குவது அங்கேதான். வெப்பமானியை அடியில் வைத்தால் ஏமாற்றும், பிரின்ட் ஹெட் ஓடும் உயரத்தில் வையுங்கள். காற்று நுழையும் துளை கீழே, பெட்டின் மேல் நேராக அடிக்காத இடத்தில் இருக்கட்டும். அந்தத் துளை ஃபேனின் வாய் அளவுக்காவது பெரிதாக இல்லையென்றால் மேலே போட்ட 8 லிட்டர் கணக்கு பலிக்காது.