சிவப்பு விளக்கைக் கடந்து ரயில் போகலாமா?

பிளாட்பார முனையில் நின்று ஒருவர் சிக்னலைப் படம் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். சிவப்பு எரிகிறது, நின்றிருந்த ரயில் ஒரு நிமிடம் கழித்து, சிவப்பு மாறாமலேயே மெல்ல நகர்ந்து போயிருக்கிறது. விதியை மீறிவிட்டாரா லோகோ பைலட்? இந்திய ரயில்வேயின் பொது விதிகளைப் பொறுத்தவரை, விளக்கை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது. சிக்னல் கம்பத்தில் உள்ள சிறிய வட்டப் பலகையையும் பார்க்க வேண்டும்.

வெள்ளை வட்டத்தில் கறுப்பு A இருந்தால் அது தானியங்கி சிக்னல். முன்னால் உள்ள பகுதியில் ரயில் இருந்தாலும், தண்டவாள மின்சுற்றில் கோளாறு ஏற்பட்டாலும் அது தானாகச் சிவப்பாகும். அங்கே லோகோ பைலட் ரயிலை நிறுத்தி, பகலில் ஒரு நிமிடமும் இரவில் இரண்டு நிமிடமும் காத்திருக்க வேண்டும். பிறகு, தடை எதுவும் கண்ணில் பட்டால் உடனே நிறுத்தக்கூடிய குறைந்த வேகத்தில், அடுத்த சிக்னல் வரை போகலாம். முன்னால் இன்னொரு ரயில் நின்றுகொண்டிருக்கக்கூடும் என்ற எண்ணத்துடனேயே ஓட்ட வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் முன்னால் நிற்கும் ரயிலின் பின்புறத்தில் மோத நேரிடும்.

மஞ்சள் வட்டத்தில் கறுப்பு G இருந்தால் அது லெவல் கிராசிங் கேட்டைக் காக்கும் சிக்னல். காத்திருக்கும் நேரம் அதே அளவுதான். ஆனால் அதன் பிறகு கேட் வரை எச்சரிக்கையாகச் சென்று, கேட் மூடியிருக்கிறதா என்று பார்த்த பின்பே தாண்ட வேண்டும்.

பலகையே இல்லாவிட்டால்? அந்தச் சிவப்பு முழுமையான தடை. எவ்வளவு நேரம் ஆனாலும், நிலையத்திலிருந்து முறையான அனுமதி வராமல் நகரக்கூடாது. சில சிக்னல்களில் A எழுத்து விளக்காகவே இருக்கும். அது எரிந்தால் தானியங்கி. அணைந்திருந்தால் இதே முழுமையான தடை. ஆகவே அந்த எழுத்து படத்தில் பதியாமல் போனால் அர்த்தமே தலைகீழாகிவிடும். இரவுப் படங்களில் விளக்கின் ஒளி பரவிப் பலகையை மறைத்துவிடுவதால், வெளிச்சத்தைக் குறைத்து எடுப்பது நல்லது.

மற்ற நிறங்கள் அடுத்த சிக்னலைப் பற்றிப் பேசுகின்றன. பச்சை என்றால் தடையின்றிப் போகலாம். இரட்டை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலைக் குறைந்த வேகத்தில் கடக்கத் தயாராக வேண்டும். ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்ததில் நிற்கத் தயாராக வேண்டும். உதாரணமாக, ஒரு ரயில் கிளைத்தடத்தில் திரும்பி நிற்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் இரட்டை மஞ்சள் தெரியும். நிலையத்தின் நுழைவு சிக்னலில் ஒற்றை மஞ்சளுடன், அதன் மேல் சாய்வாக ஐந்து வெள்ளை விளக்குகள் எரியும். அவை சாயும் பக்கம்தான் ரயில் திரும்பும். பிளாட்பார முனையில் சிவப்பு நிற்கச் சொல்லும்.

இன்னொன்று: சிவப்பின் அருகே ஓடும் ரயிலின் படம் விதிமீறலுக்குச் சான்று ஆகாது. எஞ்சின் கடந்தவுடனேயே, பின்னால் பெட்டிகள் வந்துகொண்டிருக்கும்போதே, பச்சை சிவப்பாக மாறிவிடும்.