இரண்டாவது மொனிட்டரைக் கழற்றியதும் புரோகிராமைக் காணவில்லையா? பொர்மட் பண்ண அவசரப்படாதீர்கள்

கணனி நன்றாக ஓடுகிறது, புரோகிராமும் திறக்கிறது, ஆனால் அதன் வின்டோவை மட்டும் எங்கேயும் காணவில்லை. கீழே டாஸ்க்பாரில் ஐகன் நிற்கும், எத்தனை தரம் கிளிக் பண்ணினாலும் திரையில் ஒன்றும் வராது. யாழ்ப்பாணத்தில் கணனி திருத்துகிற என்னிடம் இந்த முறைப்பாடு அடிக்கடி வருகிறது. கடையில் பெரிய மொனிட்டரைப் பூட்டி வேலை செய்துவிட்டு இரவில் மடிக்கணனியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களும், ரியூசன் வகுப்பில் புரொஜெக்டரில் பாடம் காட்டுகிற ஆசிரியர்களும்தான் இதில் கூடுதலாக மாட்டுப்படுகிறார்கள். என்னிடம் வருவதற்கு முன்பே பலர் அந்தப் புரோகிராமை அழித்துத் திரும்பப் போட்டுப் பார்த்திருப்பார்கள், சிலர் நேரடியாகவே "தம்பி, வின்டோஸை பொர்மட் பண்ணித் தாரும்" என்று கேட்பார்கள். இரண்டுமே தேவையில்லை, பொர்மட் பண்ணப் போய் கணக்குகளும் படங்களும் போனால் அதுதான் உண்மையான இழப்பு.

சுன்னாகத்தில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிற ஒருவருடைய மடிக்கணனியை எடுத்துக்கொள்வோம். அதன் திரை 1366 x 768. கடையில் அதற்கு இடப்பக்கமாக 1920 x 1080 மொனிட்டர் ஒன்று. பில் போடுகிற புரோகிராமை அவர் எப்போதும் அந்த இடப்பக்க மொனிட்டரில்தான் திறந்து வைப்பார், மாலையில் புரோகிராமை மூடி, கேபிளைக் கழற்றி, மடிக்கணனியோடு வீட்டுக்குப் போவார். வீட்டில் திறந்தால் வின்டோ இல்லை. வின்டோஸ் இரண்டு திரைகளையும் சேர்த்து ஒரே பெரிய தளமாகத்தான் பார்க்கிறது. பிரதான திரையின் இடது மேல் மூலைதான் பூச்சியம். அதற்கு இடப்பக்கம் இருக்கிற மொனிட்டரின் இடங்கள் எல்லாம் மறை எண்களில் வரும். அவருடைய புரோகிராம் மூடும்போது தன் இடத்தை இப்படி எழுதி வைத்திருந்தது:

```
[MainForm]
Left=-1744
Top=92
Width=1280
Height=640
```

−1744 இல் தொடங்கி 1280 அகலம் என்றால் வின்டோவின் வலது விளிம்பு −464 இல் முடிகிறது. மடிக்கணனியின் திரை 0 இலிருந்துதான் ஆரம்பம், ஆகவே ஒரு துண்டு கூடத் தெரியாது. புரோகிராம் திறந்திருக்கும்போதே கேபிளைக் கழற்றியிருந்தால் வின்டோஸே அதை மிச்சமிருக்கிற திரைக்கு இழுத்து வந்திருக்கும். இவரோ மூடிவிட்டுக் கழற்றினார். அடுத்த தரம் திறக்கையில் "என்னை −1744 இல் வை" என்று புரோகிராமே கேட்கிறது, அங்கே மொனிட்டர் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. ஒழுங்காக எழுதப்பட்ட புரோகிராம்கள் பார்க்கும், பழைய பில் புரோகிராம்களில் பல பார்ப்பதில்லை. இந்தக் குறிப்பு பயனருடைய அமைப்புக் கோப்பில் கிடப்பதால்தான் புரோகிராமை அழித்துத் திரும்பப் போட்டாலும் பெரும்பாலும் அதே நிலைமை தொடர்கிறது.

முதலில் இது இடம் மாறிய பிரச்சினைதானா என்று உறுதிப்படுத்துங்கள். டாஸ்க்பார் ஐகனின் மேல் மவுஸைக் கொஞ்சம் நிறுத்துங்கள். சின்னப் படத்தில் புரோகிராமின் உள்ளடக்கம் தெரிந்தால், வின்டோ உயிரோடு இருக்கிறது, வெளியே நிற்கிறது, அவ்வளவுதான். Task Manager இல் அதன் பெயருக்குப் பக்கத்தில் Not responding என்று இருந்தால் அது வேறு கதை.

அடுத்ததாக, மொனிட்டர் உண்மையிலேயே கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். பலர் மொனிட்டரின் சுவிட்சை மட்டும் நிறுத்துவார்கள், HDMI அல்லது VGA கேபிள் பூட்டியபடியே இருக்கும், வின்டோஸ் இன்னும் இரண்டு திரை இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். Settings இல் System, Display போனால் 1, 2 என்று இரண்டு பெட்டிகள் தெரியும். அப்படியென்றால் Win + P அழுத்தி PC screen only என்பதைத் தெரிவு செய்யுங்கள், திறந்திருக்கிற வின்டோக்கள் உங்கள் திரைக்கு வந்துவிடும். Win + Shift + இடது அல்லது வலது அம்புக்குறியும் வின்டோவை அடுத்த திரைக்கு மாற்றும், ஆனால் இரண்டு திரை இருப்பதாக வின்டோஸ் நினைக்கும்வரைதான் அதற்கு வேலை. கேபிளைக் கழற்றிய பிறகு அதையே திரும்பத் திரும்ப அழுத்தி, "இது வேலை செய்யுதில்லை" என்று கைவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

கேபிளும் கழன்று ஒரே திரைதான் என்றால் நான் நம்புகிற வழி இது. Alt + Tab பண்ணி அந்தப் புரோகிராமைத் தெரிவு செய்யுங்கள். Alt + Space அழுத்துங்கள், சின்ன மெனு வரும். M அழுத்துங்கள். பிறகு ஏதாவது ஒரு அம்புக்குறியை ஒரு தரம் தட்டுங்கள், அந்தத் தட்டுதான் முக்கியம், அதை விட்டால் அடுத்தது நடக்காது. அதற்குப் பிறகு மவுஸை அசைத்தால் வின்டோ மவுஸோடு ஒட்டிக்கொண்டு வரும், நடுவில் வந்ததும் கிளிக் பண்ணி விடுங்கள். மெனுவில் Move மங்கலாக இருந்தால் வின்டோ பெரிதாக்கப்பட்டோ சுருக்கப்பட்டோ இருக்கிறது, முதலில் Restore கொடுத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். சில புரோகிராம்களில் Alt + Space மெனுவே வராது. அப்போது Shift ஐப் பிடித்துக்கொண்டு டாஸ்க்பார் ஐகனில் வலது கிளிக் பண்ணுங்கள், அதே Move அங்கேயும் இருக்கும். விண்டோஸ் 10 இல் டாஸ்க்பாரின் வெற்றிடத்தில் வலது கிளிக் பண்ணி Cascade windows கொடுத்தும் எடுக்கலாம், விண்டோஸ் 11 இல் அதை எடுத்துவிட்டார்கள்.

வின்டோவைக் கொண்டுவந்ததும் அதே இடத்தில் வைத்து ஒழுங்காக மூடுங்கள். அப்போதுதான் புது இடம் எழுதப்படும். Task Manager இல் End task கொடுத்தால் பழைய எண்ணே கிடக்கும், அடுத்த நாளும் இதே கதைதான்.

மேலே சொன்னது எதுவும் சரிவராவிட்டால் அந்தக் கோப்பையே திருத்தலாம். Win + R இல் %APPDATA% என்று அடித்தால் வருகிற இடத்தில், புரோகிராமின் பெயரில் ஒரு கோப்புறை இருக்கக்கூடும், அதில் .ini என்று முடிகிற கோப்பு. புரோகிராமை முற்றாக மூடி, கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, சுன்னாகக் கடைக்காரருடையதில் செய்ததுபோல Left=40, Top=40 என்று மாற்றிச் சேமியுங்கள். புரோகிராம் திறந்திருக்கும்போது மாற்றினால் மூடும்போது தன் பழைய எண்ணைத் திரும்ப எழுதிவிடும். சில கோப்புகளில் −32000 என்று ஒரு எண் கண்ணில் படும். சுருக்கப்பட்ட வின்டோவை வின்டோஸ் ஒதுக்கி வைக்கிற இடம் அது, சுருக்கிய நிலையிலேயே மூடியபோது புரோகிராம் அதையே தன் இடமாக எழுதிக்கொண்டது, அதையும் இப்படியே மாற்றலாம். கணக்குத் தரவு இருக்கிற கோப்புறையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும், இதில்தான் வேலை அழிகிறது. பிரதான வின்டோ கண்முன்னே இருக்கும், ஆனால் எங்கே கிளிக் பண்ணினாலும் "டிங்" என்று சத்தம் மட்டும் வரும், எதுவும் அசையாது. பார்க்கிறவர் இறுகிவிட்டது என்று நினைத்து End task கொடுத்துவிடுவார், அன்றைக்கு அடித்த பில்கள் சேமிக்கப்படாமல் போகும். உண்மையில் அந்தப் புரோகிராம் ஒரு சின்னக் கேள்விப் பெட்டியைத் திறந்து பதிலுக்குக் காத்திருக்கிறது, அந்தப் பெட்டி இல்லாத மொனிட்டரில் நிற்கிறது. பிரதான வின்டோவில் ஒரு தரம் கிளிக் பண்ணி அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு Alt + Space, M, அம்புக்குறி என்று அதே வழியைச் செய்யுங்கள், இப்போது இழுபட்டு வருவது அந்தப் பெட்டி. அது வராவிட்டால் Esc அழுத்திப் பாருங்கள், பெரும்பாலான பெட்டிகள் அதை "வேண்டாம்" என்றே எடுத்துக்கொள்ளும். Enter ஐக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தாதீர்கள், "அழிக்கவா?" என்ற கேள்விக்கு நீங்கள் ஆம் சொல்லியிருக்கக்கூடும்.